வடை மாவு விளம்பரத்தில் வந்த ‘வாடை’

அந்த வடை மாவு விளம்பரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். “இதையெல்லாம் யார் கவனிப்பார்கள்?” என்று நேற்று ஒருவர் கேட்டதும் பொறுக்கவில்லை.

இந்தியில் போட்ட மெட்டுக்குள் தமிழை அடைத்திருக்கிறார்கள். முதல் சுரம் நீளமானது. அதன்மேல் ‘வடை’யின் ‘வ’ விழுவதால் பாடகி ‘வாடை மாவு’ என்றுதான் பாட முடிகிறது. தின்பண்டத்துக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேண்டுமா?

மெட்டை முடிவு செய்யும் முன் பெயரின் குறில் நெடிலைப் பாருங்கள். கீர்த்தனையில் குறிலை நீட்டினால் அடுத்த அடி பொருளை மீட்டுத் தரும். நான்கு விநாடி விளம்பர மெட்டில் அடுத்த அடியே கிடையாது.

சரி செய்வதும் கடினமில்லை. தாளத்தட்டு விழுவதற்குச் சற்று முன்னால் ‘வ’வைச் சட்டென்று எடுத்து, தட்டின்மேல் ‘டை’யை இருத்தி நீட்டினால் போதும். ‘டை’ நீட்டலைத் தாங்கும், ‘வ’ தாங்காது. நான் தொழில் கற்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் மூத்த இசையமைப்பாளர் ஒருவர், பாடகரை முதலில் மெட்டில்லாமல் பொருளின் பெயரைச் சொல்லச் சொல்வார். கடைக்காரரிடம் கேட்பது போலச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில் எது குறுகுகிறது, எது நீள்கிறது என்று கைதட்டிக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஆர்மோனியத்தைத் தொடுவார்.

“சொல்லே வேண்டாமே, இன்டெல்லுக்கு வெறும் ஒலிதானே?” என்பார்கள். உண்மைதான். கணினிச் சில்லு செய்யும் அந்த நிறுவனத்துக்கு 1994இல் வால்டர் வெர்சோவா அமைத்த அந்த ஒலி ஏறத்தாழ மூன்று விநாடி, ஐந்து சுரம். ஆனால் கணினி தயாரிப்பாளர்களின் விளம்பரச் செலவில் இன்டெல் பங்கு போட்டதால், அவர்கள் விளம்பரங்களிலும் அது ஒலித்தது. 2002இல் ஏ.ஆர். ரகுமான் ஏர்டெல்லுக்குத் தந்த மெட்டும் நாடு முழுக்க ஓயாமல் ஒலித்தது. இரண்டு மாவட்டங்களில் விற்கும் மாவுக்கு அந்த வசதி ஏது? பெயரை மெட்டே சொல்லியாக வேண்டும்.

“ஒலியை வணிகக் குறியாகப் பதிய 30 விநாடி வரை அனுமதி உண்டே” என்று இன்னொருவர். 2017 விதிகள் சொல்வது பதிவுக்குக் கொடுக்கும் ஒலிக்கோப்பின் உச்ச அளவு. கேட்பவரின் பொறுமைக்கு அது அளவில்லை. பெயரும் ஒரு குணமும் தாண்டி, தொலைபேசி எண்ணையும் கிளைகளையும் திணித்தால் எதுவும் நிற்காது.

எனக்கு வலிப்பது வேறு. மெட்டு, வாத்தியம், படப்பிடிப்பு எல்லாம் முடிந்த பிறகு, கடைசி நாள் மாலையில் தமிழ் எழுதுபவரை அழைத்து “இந்த அளவுக்குள் நிரப்புங்கள்” என்கிறார்கள். சுரத்தை மாற்றக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழ் கடைசி வேலையா? குறிலும் நெடிலும் பண்டிதர்களின் கவலை என்பவர்கள், எந்த வீட்டுச் சமையலறையிலாவது அந்தப் பாட்டைப் போட்டு, என்ன கேட்டது என்று விசாரிக்கட்டும்.

பாடகி இருக்கிறார், இசைத்தடம் இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திரும்பப் பாட வைத்து வெளியிடுங்கள்.