நாலு டிஸ்க் இருக்கு, சரி. பேக்கப் எங்கே?

“ரெய்டு போட்டிருக்கோமே, அப்புறம் எதுக்குத் தனியா பேக்கப்?” இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. ரெய்டு என்றால் பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தரவு போகாதபடி ஓட்டும் ஏற்பாடு. “அது வேற, இது வேற” என்று பதில் சொல்லிவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். ஏன் வேறு என்பதற்குப் பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். நாலு பிட் எடுத்துக் கணக்குப் போட்டால் போதும்.

முதலில் மிரரிங், அதாவது ரெய்டு 1. இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே தரவு. எழுதும்போதே இரண்டிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது வேலையைத் தொடரும். இரண்டு 4 டெராபைட் டிஸ்க் வாங்கினால் கையில் கிடைப்பது 4 டெராபைட்தான். அவ்வளவுதான் விஷயம்.

பேரிட்டிதான் அழகான வித்தை. ரெய்டு 5-இல் நாலு 4 டெராபைட் டிஸ்க் போட்டால் 12 டெராபைட் கிடைக்கும், ஒரு டிஸ்க் அளவு இடம் பேரிட்டிக்குப் போகும். அந்த ஒரு டிஸ்க் இடத்தை வைத்துக்கொண்டு மூன்று டிஸ்க் தரவுக்கும் எப்படிக் காவல் நிற்க முடிகிறது? மூன்று டிஸ்கிலும் ஒரே வரிசையில் இருக்கும் நாலு பிட்களைப் பாருங்கள்:

```
டிஸ்க் 1    1011
டிஸ்க் 2    0110
டிஸ்க் 3    0100
பேரிட்டி    1001
```

மேலிருந்து கீழாக ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் பேரிட்டி 1, இரட்டைப்படை என்றால் 0. எக்ஸ்ஓஆர் என்பது இதுதான். இப்போது டிஸ்க் 2 போய்விட்டது என்று வையுங்கள். மீதி இருக்கும் 1011, 0100, 1001 மூன்றையும் அதே மாதிரி எண்ணினால் 0110 வருகிறது. தொலைந்த டிஸ்கின் தரவு அப்படியே திரும்பிவிட்டது. நிஜத்தில் பேரிட்டிக்கென்று தனி டிஸ்க் ஒதுக்குவதில்லை, நாலு டிஸ்கிலும் மாறி மாறிப் பரப்பி வைப்பார்கள். கணக்கு இதேதான்.

இதுவரை எல்லாருக்கும் சந்தோஷம். இனிமேல்தான் விஷயமே.

டிஸ்க் 2-இல் இருந்த அந்த 0110 உங்கள் கணக்கு ஃபைலின் ஒரு துண்டு என்று வைப்போம். யாரோ அதைத் திறந்து, எல்லாவற்றையும் அழித்து, சேவ் செய்துவிட்டார்கள். அல்லது ரான்சம்வேர் அதன் மேலேயே வேறு எதையோ எழுதிவிட்டது. அந்த இடத்தில் இப்போது 0000. ரெய்டு என்ன செய்யும்? பேரிட்டியைத் திரும்பக் கணக்கிடும். 1011, 0000, 0100 மூன்றுக்கும் பேரிட்டி 1111. பழைய 1001-ஐ அழித்துவிட்டு 1111 எழுதும். இனி எந்த டிஸ்க் செத்தாலும் ரெய்டு உங்களுக்கு மீட்டுத் தரப்போவது அந்த 0000-ஐத்தான், அதுவும் ஒரு பிட் பிசகாமல். பழைய 0110-இன் தடயம் நாலு டிஸ்கில் எங்கும் கிடையாது.

இது ரெய்டின் கோளாறு இல்லை, அதன் வேலையே இதுதான். பேரிட்டிக்கு “இப்போது” மட்டும்தான் தெரியும், “நேற்று” தெரியாது. மிரரும் அப்படியே: அழிக்கும் கட்டளை இரண்டு டிஸ்குக்கும் ஒரே வேகத்தில் போய்ச்சேரும். ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு ரெய்டு. போன வாரத்து ஃபைல் வேண்டும் என்பது வேறு தேவை.

டிஸ்க் சாவதையாவது ரெய்டு முழுசாகச் சமாளிக்குமா? ஓரளவுக்கு. லினக்ஸில் `cat /proc/mdstat` கொடுத்தால் நல்ல நிலையில் `[4/4] [UUUU]` என்று காட்டும். ஒன்று போனால் `[4/3] [UU_U]`. அந்த ஒரு அடிக்கோடுதான் எச்சரிக்கை. ஃபைல் எல்லாம் வழக்கம்போலத் திறக்கும் என்பதால், மெயில் வரும்படி mdadm.conf-இல் `MAILADDR` போட்டு வைக்காதவர்கள் அதைக் கவனிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். இரண்டாவது டிஸ்க் போகும் நாளில்தான் முதலாவது போனதே தெரியவரும்.

சரி, உடனே கவனித்துப் புது டிஸ்க் மாட்டிவிட்டீர்கள். தொலைந்த தரவைக் கணக்கிட்டுப் புது டிஸ்கில் எழுதுவதுதான் ரீபில்ட். அதற்கு மீதி மூன்று டிஸ்கையும் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை படிக்க வேண்டும், மொத்தம் 12 டெராபைட். மூன்றும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றும் வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் ஓடினாலே ஏழரை மணி நேரம் ஆகும். இடையில் மற்றவர்களும் வேலை பார்த்தால் இன்னும் இழுக்கும். சாதாரண டிஸ்க் பலவற்றின் விவரத்தாளில், 10^14 பிட் படித்தால் படிக்க முடியாத இடம் அதிகபட்சம் ஒன்று இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். 10^14 பிட் என்பது 12.5 டெராபைட். நிஜத்தில் டிஸ்குகள் இதைவிட ஒழுங்காகவே நடந்துகொள்ளும், அதனால் ரெய்டு 5 ரீபில்ட் நடக்கவே நடக்காது என்று பயமுறுத்துவது மிகை. ஆனால் அந்த நேரத்தில் உங்களுக்கு உபரி என்று எதுவும் இல்லை. ஒரே பெட்டியில் ஒன்றாக வாங்கி, ஒரே அளவு ஓடித் தேய்ந்த டிஸ்குகள் வேறு. பெரிய டிஸ்குகளுக்கு இரண்டு பேரிட்டி உள்ள ரெய்டு 6 போடச் சொல்வது இதனால்தான். அதுவும் இரண்டு டிஸ்க் சாவைத்தான் தாங்கும். 0000 கதையில் ஒரு எழுத்தும் மாறாது.

இன்னொன்று, சத்தமில்லாமல் கெட்டுப்போகும் பிட். மிரரின் ஒரு டிஸ்கில் 1, இன்னொன்றில் 0 இருந்தால் எது சரி? சாதாரண ரெய்டு 1-க்குத் தெரியாது. லினக்ஸில் `check` ஓட்டினால் பொருந்தாதவை இருப்பதை `mismatch_cnt` காட்டும். `repair` கொடுத்தால் ஒரு பிரதியை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும், அது நல்ல பிரதியா என்ற உத்தரவாதம் இல்லாமலே. ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கும் ZFS, Btrfs போன்ற ஃபைல் சிஸ்டங்களால்தான் கெட்ட பிரதி எது என்று சொல்ல முடியும்.

“வாரம் ஒருமுறை மிரரிலிருந்து ஒரு டிஸ்கை உருவி அலமாரியில் வைக்கிறோம், அது பேக்கப்தானே?” என்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உருவும் நொடியில் டேட்டாபேஸ் பாதி எழுதியிருக்கலாம். அதோடு, வாராவாரம் மிரரை நீங்களே உடைத்து ஒற்றை டிஸ்கில் ரீபில்ட் ஓட்டுகிறீர்கள்.

இரவு தோறும் இன்னொரு மெஷினுக்கு `rsync --delete` ஓட்டுவது? அது ஒரு நாள் தாமதமாக ஓடும் மிரர். திங்கட்கிழமை அழிந்த ஃபைலை வியாழக்கிழமை தேடினால் அங்கும் இருக்காது. பழைய பதிப்புகள் தேதிவாரியாக நிற்க வேண்டும். `--link-dest` போட்டால் மாறாத ஃபைல்களுக்குக் கூடுதல் இடம் பிடிக்காமல் இதைச் செய்யலாம். எத்தனை நாள் வைப்பது? தவறு நடந்ததை நீங்கள் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆகுமோ, அதைவிட அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் கணக்கு ஃபைலுக்கு 30 நாள் பதிப்புகள் போதாது.

அந்தப் பிரதி வேறு பெட்டியில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில். ஒரு நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் தவறுதலான டெலீட்டுக்கு அருமையான மருந்து, ஆனால் அதே டிஸ்குகளில் இருப்பதால் பவர் சப்ளை எரிந்து டிஸ்குகளையும் இழுத்துக்கொண்டு போனால் அதுவும் சேர்ந்து போகும். சர்வரில் எழுத உரிமை உள்ள கணக்கே பேக்கப்பையும் அழிக்க முடிந்தால் ரான்சம்வேருக்கு வேலை சுலபம். அதனால் சர்வர் தள்ளிவிடுவதைவிட, பேக்கப் மெஷின் வந்து எடுத்துக்கொள்வது மேல். கடைசியாக, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில் ஏதாவது ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டு, திறந்து பாருங்கள். அது திறக்கவில்லை என்றால் உங்களிடம் இப்போதைக்கு ரெய்டு மட்டும்தான் இருக்கிறது.