புகார் நம்பர் தராமல் அலைக்கழிக்கிறார்கள்

வெள்ளிக்கிழமை விடியற்காலை 2.11க்கு போன் அதிர்ந்தது. டெபிட் கார்டில் 4,999 ரூபாய் போயிருந்தது. அடுத்தடுத்து அதே தொகை இன்னும் இரண்டு தடவை. மொத்தம் 14,997. எல்லாம் பேரே கேள்விப்படாத வெளிநாட்டு கேம் கம்பெனிக்கு. ஓடிபி ஒன்றுகூட வரவில்லை. வெளிநாட்டுத் தளங்களில் பல நேரம் கார்டு விவரம் இருந்தாலே போதும், ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடுவார்கள்.

உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு கார்டை பிளாக் செய்தேன். புகார் நம்பர் கேட்டால் "எஸ்எம்எஸ்ல வரும் சார்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை! மனசுக்குச் சரியாகப் படாமல் 2.40க்கு வங்கிக்கு ஒரு மெயில் தட்டிவிட்டேன். அந்த மெயில் மட்டும் இல்லையென்றால் என் கதி அதோகதி.

கிளைக்குப் போனால் மேனேஜர் லீவு, அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். போய் ஃபார்ம் கொடுத்தேன். இப்போது பதில் வந்திருக்கிறது: நான் புகார் செய்தது ஐந்தாவது வேலைநாளாம்!

இந்தக் கணக்கு எதற்குத் தெரியுமா? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணம் என்றால், மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எனக்கு இரண்டாம் சனி, ஞாயிறு போக புதன்கிழமை வரை நேரம் இருந்தது. நான்கிலிருந்து ஏழாவது நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனைக்கு 10,000 வரை நம் தலையில். என்னுடையவை ஒவ்வொன்றும் 4,999தானே, அப்படியென்றால் மூன்றுமே என் நஷ்டம். ஃபார்ம் வாங்கிய தேதியையே புகார் தேதி என்று வங்கி எழுதினால் முழுப் பணமும் போச்சு!

அதற்கு மேல் ஒரு கேள்வி: "வீட்ல பசங்க கேம் ஆடுவாங்களா சார்?" ஆடுவான். அவன் டேப்லெட்டில் என் கார்டே சேர்க்கவில்லை. ஆப் ஸ்டோரில் அவன் கணக்கு, என் கணக்கு இரண்டின் வாங்கிய பட்டியலையும் தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தேன். அந்த இரவில் ஒரு ஆர்டரும் இல்லை. எஸ்எம்எஸ் பெட்டியையும் எடுத்தேன்: பணம் போன மூன்று செய்தி இருக்கிறது, ஓடிபி இல்லை. கால் பதிவில் நான் கூப்பிட்ட நேரம் இருக்கிறது. இதில் ஒன்றைக்கூட அழித்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. சொன்னதிலிருந்து பத்து வேலைநாளுக்குள் பணத்தைத் தற்காலிகமாகவாவது கணக்கில் போட வேண்டும் என்பதும் இருக்கிறது. பதினான்கு வேலைநாள் ஆகிவிட்டது, பத்து பைசா வரவில்லை.

2.40 மெயிலை இணைத்து மறுபடி எழுதியிருக்கிறேன். அந்த மெயிலிலிருந்து முப்பது நாள் முடிந்ததும் cms.rbi.org.in தளத்தில், வங்கிப் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போகப்போகிறேன்.