பட்டறைக்கு வாருங்கள், ஆனால் வேலை நாளில் வாருங்கள்

வணிகர் சங்கத் தலைவரைப் பட்டறைக்கு அழைத்து நான் எழுதிய முதல் கடிதம் மூன்று பக்கம். நான் எப்படித் தொழில் தொடங்கினேன், எத்தனை இரவு தூங்காமல் கிடந்தேன் என்று முழு வரலாறும் அதில் இருந்தது. கடைசியில் 'தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி வருகை தர வேண்டுகிறேன்' என்று முடித்திருந்தேன். அவரும் வந்தார். வருகிறார் என்று அன்று மெஷின்களை நிறுத்தி, தரையைக் கழுவி, நாற்காலி போட்டு வைத்திருந்தோம். இருபது நிமிடம் பேசினார், படம் எடுத்துக்கொண்டோம், கிளம்பிவிட்டார். இரும்பு கடையும் எங்கள் லேத் ஓடாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? தப்பு அவர் மீது இல்லை. என்ன பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே.

என் பிரச்சினை மின்னழுத்தம். அதே லைனில் இருக்கும் வேறொரு ஆலையில் காலையில் பெரிய மோட்டாரைப் போடுவார்கள். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் மோட்டார் அந்தச் சில நொடிகளில் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு வரை மின்சாரம் இழுக்கும். லைன் பலவீனமாக இருந்தால் எங்கள் பக்கம் வோல்டேஜ் சரியும். லேத் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காண்டாக்டர் என்ற சுவிட்ச் பிடி விட்டுவிடும், இரும்பைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் நின்றுவிடும். கரண்ட் சரியான பிறகும் தானாக ஓடாது. அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் வெட்டிக்கொண்டிருந்த டூல் இரும்புக்குள் சிக்கி நிற்கும். டூல் நுனியில் மாட்டியிருக்கும் வெட்டுத் துண்டான கார்பைடு இன்சர்ட்டின் முனை உடையும். கடைந்துகொண்டிருக்கும் இரும்புத் தண்டான ஷாஃப்டில் மோதிரம் போல ஒரு வரி விழும். முதல் வெட்டு என்றால் அடுத்த வெட்டில் அந்த வரி போய்விடும். கடைசி ஃபினிஷிங் வெட்டு என்றால் எடுக்க மிச்சம் இருக்காது, ஷாஃப்ட் ஸ்கிராப்.

இதை வாயால் சொன்னால் 'எல்லாருக்கும் இருக்கிற பிரச்சினைதானே' என்பார்கள். அதனால் ஒரு மாதம் லேத் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கவிட்டேன். தேதி, மணி, எந்த மெஷின், எந்த வேலை, என்ன சேதம், இவ்வளவுதான். மாதக் கடைசியில் எண்ணினால் 19 முறை நின்றிருந்தது. அதில் 11 முறை காலை ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் நடுவில். அப்புறம்தான் இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்த முறை தலைவருக்கு இல்லை, செயலாளருக்கு. தலைவர் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார். கூட்டத்தில் எது பேசப்பட வேண்டும் என்று பட்டியல் போடுவது பெரும்பாலும் செயலாளர்தான்.

கடிதம் இது:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் நம் சங்க உறுப்பினர், லேத் பட்டறை நடத்துகிறேன். மின்னழுத்தச் சரிவால் கடந்த மாதம் எங்கள் லேத் 19 முறை நடுவேலையில் நின்றது. குறிப்பு நோட்டின் நகலை இணைத்துள்ளேன். அடுத்த வாரம் ஏதாவது ஒரு வேலை நாளில் காலை 9.30 மணிக்கு வந்து 45 நிமிடம் இருந்தால் நேரிலேயே பார்க்கலாம். சங்கத்திடம் நான் கேட்பது இரண்டு: மற்ற உறுப்பினர்களும் இதே போல ஒரு மாதம் குறித்து வைக்கச் சொல்லுங்கள், அந்தக் குறிப்புகளை மின் அதிகாரிகளுடன் நடக்கும் கூட்டத்தில் வையுங்கள். மூடிய காலணியும் தொளதொளப்பில்லாத சட்டையும் அணிந்து வாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி நாங்கள் தருகிறோம்."

அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட வரவில்லை. சங்கம் அரசு அலுவலகம் இல்லை, அதனால் லைனை மாற்ற முடியாது. பல பேருடைய குறையை ஒன்றாகக் கட்டி உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க முடியும். அதை மட்டும் கேட்டேன். கடன், வரி, ஆள் பற்றாக்குறை எல்லாம் எழுதக் கை துறுதுறுத்தது. எழுதியிருந்தால் எதுவுமே அவர் மனசில் நின்றிருக்காது.

வருவதாகப் பதில் வந்ததும் ஒரே ஒரு ஏற்பாடு செய்தேன். வாடிக்கையாளர் கொடுத்த வரைபடங்களையும் அவர்களுடைய பாகங்களையும் துணி போட்டு மூடினேன். யார் படம் எடுத்தாலும் அடுத்தவர் டிசைன் வெளியே போகக் கூடாது. தரையைக் கழுவவில்லை.

செயலாளர் வந்த அன்று, என் அதிர்ஷ்டம், லேத் ஒரு தடவைகூட நிற்கவில்லை! பத்தேகால் ஆனது, பத்தரை ஆனது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. சரி என்று ஸ்கிராப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒரு ஷாஃப்டை எடுத்து அந்த வரியின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டி நின்றது. நோட்டில் அந்தத் தேதியைத் தேடிப் பிடித்தார், மணி 9.50 என்று இருந்தது. "இதை நான் எடுத்துட்டுப் போகலாமா சார்?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அந்த ஷாஃப்ட் மேஜை மேல் கை மாறி மாறிச் சுற்றி வந்ததாம். லைன் இன்னும் மாறவில்லை. ஆனால் இப்போது வேறு ஐந்து பட்டறைகளில் நோட்டு தொங்குகிறது.