வேலை முடிந்த பிறகு தந்த வாக்கு செல்லாதா?

"வேலை முடிஞ்சப்புறம் காசு தரேன்னு சொன்னா, அது சட்டப்படி செல்லாது."

சுங்கை சிப்புட்டில் சுற்றும் இந்தச் செய்தி தப்பு. இங்கிலாந்தின் பொதுவிதி ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் மலேசியாவில் நடப்பது 1950 ஒப்பந்தச் சட்டம்.

சும்மா தந்த வாக்கையும் பேரத்தையும் பிரிக்கத்தான் மறுபயன், அதாவது வாக்குக்கு ஈடாகத் தரும் அல்லது செய்யும் ஏதாவது ஒன்று, வேண்டும். அது இல்லாத ஒப்பந்தம், சில விலக்குகள் தவிர, செல்லாது. சரி, செம்பனைத் தோட்டக்காரர் கேட்டதால் லோரிக்காரர் வெள்ளத்துக்கு முன் குலைகளை ஏற்றிக் காப்பாற்றினார், மறுவாரம் தோட்டக்காரர் 300 ரிங்கிட் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதினார் என்றால், கேட்டதன்பேரில் ஏற்கெனவே செய்ததும் 2(ஈ) பிரிவின்படி மறுபயன்தான். 1968இல் கெப்போங் பிராஸ்பெக்டிங் வழக்கில் லண்டன் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலும் இதை ஏற்றது. கேட்காமலே தோட்டக்காரருக்காகச் செய்திருந்தால் 26(ஆ) விலக்கு காப்பாற்றும். ஆனால் லோரிக்காரர் தானாகப் போய் வேறொருவருக்கு உதவியிருந்தால், தோட்டக்காரரின் வாக்கை இந்த இரண்டும் தாங்காது.