முப்பது சதவீதம் காலியா விடச் சொன்னவங்களுக்கு

நேத்து நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். "எஸ்எஸ்டியில முப்பது சதவீதம் காலியா விடலைன்னா ரெண்டே வருஷத்துல போயிடும்"னு இங்க ஒரு தம்பியை நாலு பேர் பயமுறுத்தினாங்க. அந்தத் தம்பி ராத்திரியோட ராத்திரியா 95 ஜிபி வீடியோவை அழிச்சிட்டான். வேற எங்கயும் நகல் இல்ல. "அழிக்காதப்பா, முதல்ல டிரைவ் என்ன சொல்லுதுன்னு பாரு"ன்னு எழுதின எனக்குக் கிடைச்ச பதில், "தெரியாதவங்க ஒதுங்கி நிக்கட்டும்."

ஒதுங்கித்தான் நின்னேன். இன்னைக்கு அவனே ரிப்போர்ட்டை எடுத்து அனுப்பியிருக்கான். அதுல ரெண்டு வரி:

```
Percentage Used:     6%
Data Units Written:  54,687,500 [28.0 TB]
```

இந்த என்விஎம்இ கணக்குல ஒரு யூனிட்னா 5,12,000 பைட். பெருக்கினா 28 டெராபைட். அவனோடது 500 ஜிபி டிரைவ், இவ்வளவு எழுதலாம்னு தயாரிப்பாளர் கொடுத்த கணக்கு, அதாவது டிபிடபிள்யூ, 300 டெராபைட். நாலு வருஷத்துல 28 எழுதியிருக்கான், அதாவது வருஷத்துக்கு 7. இதே வேகத்துல போனா 300-ஐத் தொட மொத்தம் நாப்பது வருஷத்துக்கு மேல ஆகும். அந்த 300கூட சாவுத் தேதி இல்ல, வாரண்டியோட எல்லை. வருஷக் கணக்கு, எழுதின கணக்கு, ரெண்டுல எது முதல்ல முடியுதோ அதோட வாரண்டி முடியும், அவ்வளவுதான். எழுதின கணக்குப்படி பார்த்தா 9 சதவீதம் தேய்ஞ்சிருக்கணும். டிரைவ் தன் மதிப்பீட்டுல 6தான் சொல்லுது. எதிர்பார்த்ததைவிடக் கம்மியாத்தான் தேய்ஞ்சிருக்கு, அதுவும் 11 சதவீதம் மட்டுமே காலியா இருந்த நிலைமையில!

காலி இடமே வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லல. ஏன் வேணும்னு புரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன். ஃபிளாஷ்ல எழுதறது சின்னச் சின்னப் பக்கமா. அழிக்கிறது முழு பிளாக்கா. ஒரு பிளாக்ல 90 சதவீதம் உயிருள்ள டேட்டா இருந்தா, மீதி பத்தை மீட்கிறதுக்கு அந்தத் தொண்ணூறையும் வேற இடத்துல எழுதி வைக்கணும். அப்போ நீங்க பத்து எழுதினா டிரைவ் நூறு எழுதுது, பத்து மடங்கு. பாதி மட்டும் உயிரோட இருந்தா ரெண்டு மடங்கு. நிஜத்துல பழைய ஃபைல்கள் அசையாம கிடக்கும், அதனால இவ்வளவு மோசமாகாது. ஆனா சூட்சுமம் இதுதான்: விளிம்பு வரைக்கும் நிரம்பின டிரைவ்ல பத்து சதவீதம் விடுவிச்சா பெரிய மாற்றம் தெரியும். இருபதை நாப்பது ஆக்கினா கிடைக்கிறது ரொம்பக் கொஞ்சம். சாதாரண உபயோகத்துக்கு 10-லிருந்து 15 போதும். நாள் முழுக்க டேட்டாபேஸ் எழுதற மெஷினா, 20-க்கு மேல விடுங்க. படம் பார்க்க, பாட்டு கேக்க மட்டும்னா 5 இருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

"சர்வர் டிரைவ்ல எல்லாம் நிறைய ஒதுக்கறாங்களே"ன்னு கேட்டாங்க. ஆமா, ஒதுக்கறாங்க. அது ராப்பகலா சிதறலா எழுதற வேலைக்கு. அந்தத் தம்பி எழுதறது ஒரு நாளைக்கு 20 ஜிபிகூட இல்ல. "நிரம்பினா ஸ்லோ ஆகுதே"ன்னு இன்னொருத்தர். ஆகும், எழுதும்போது கேச்சா வச்சுக்கற இடம் சுருங்கும். அது வேகத்தோட பிரச்சினை. ஆயுளைப் பத்திப் பேசும்போது அதை ஏன் இழுக்கறீங்க?

"பார்ட்டிஷன் போடாம விடு"ன்னு சொன்னவருக்கும் ஒண்ணு. எந்த இடம் இனி வேண்டாம்னு டிரைவுக்குச் சொல்ற ட்ரிம் கட்டளை வேலை செஞ்சா சாதாரணக் காலி இடமும் அதே பலனைத்தான் தரும். ட்ரிம் போகலைன்னா, நீங்க அழிச்சது டிரைவுக்குத் தெரியவே தெரியாது. ஏற்கனவே எழுதின இடத்தைப் பார்ட்டிஷன் இல்லாம விட்டாலும் அது பழைய குப்பையைத்தான் பத்திரமா சுமந்துக்கிட்டு இருக்கும். லினக்ஸ்ல `lsblk --discard` போட்டு DISC-MAX பாருங்க. 0B-ன்னு வந்தா ட்ரிம் போகல. சில யூஎஸ்பி பெட்டிகள்ல அப்படித்தான் வரும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, மூணு வருஷம் முன்னாடி என் டிரைவ் ஒண்ணு போச்சு. பாதிக்கு மேல காலி. Percentage Used 3. முந்தின நாள் வரைக்கும் நல்லா ஓடினது, மறுநாள் பயோஸ்லயே தெரியல. தேய்மானத்தால போகல, கன்ட்ரோலர் போச்சு. எவ்வளவு காலியா வச்சிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அப்பா குரல் இருந்த ஒரே ரெக்கார்டிங் அதுல இருந்தது. அதனாலதான் யாராவது "இடம் விடு"ன்னு சொன்னா, நான் "நகல் இருக்கா"ன்னு கேக்கறேன். நேத்தும் அதைத்தான் கேட்டேன். அதுக்குத்தான் "தெரியாதவங்க"ன்னு பேர் வாங்கினேன்.

இன்னைக்குக் காலையில அந்தத் தம்பி ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்திருக்கான். ஃபைல் பேர் எல்லாம் வந்துச்சாம், சைஸும் சரியா இருந்துச்சாம். திறந்தா உள்ளே முழுக்கப் பூஜ்யம். அவன் டிரைவ்ல ட்ரிம் ஒழுங்கா வேலை செய்யுது.