இரட்டைப் பிளவுக்குப் பின்னால் இரண்டு கோடுகள் விழாது

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்றால் இரட்டைப் பிளவு அட்டை ஒன்று இப்போது தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது. அருகருகே உள்ள இரண்டு ஒடுக்கமான பிளவுகள் வழியாக எலக்ட்ரான்களை அனுப்பினால் பின்னாலுள்ள திரையில் என்ன விழும் என்பதைக் காட்டும் அட்டை அது. மேலே, இரண்டு பிளவுகளிலிருந்தும் வரும் அலைகள் கலப்பதால் வரிவரியாக விழும் குறுக்கீட்டுப் பட்டைகள். கீழே ஒரு பெரிய கண், அதன் பக்கத்தில் இரண்டே இரண்டு தடித்த கோடுகள். "பார்த்தால் எலக்ட்ரான் துகளாகிவிடும்" என்று ஒரு வரி. பிள்ளைகள் இணையத்துக் காணொளிகளில் இருந்து எடுக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்த அட்டையில் கண்ணும் தவறு, இரண்டு கோடுகளும் தவறு. டி ப்ராய் அலைநீளம், அதாவது ஓடும் துகளுக்கும் உண்டான அலைநீளம், படித்த பிளஸ் டூ மாணவருக்கு இரண்டையும் கணக்குப் போட்டே காட்டிவிடலாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கோடுகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டேலான் குழுவினர் 2013இல் வெளியிட்ட சோதனையின் அளவுகள் கணக்குக்கு வசதியானவை. எலக்ட்ரானின் ஆற்றல் 600 எலக்ட்ரான் வோல்ட். 1.226ஐ 600இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் வரும்: 0.05, அதாவது 50 பிக்கோமீட்டர். சிலிக்கான் நைட்ரைடு சவ்வில் அயனிக் கற்றையால் வெட்டிய பிளவுகள் ஒவ்வொன்றும் 62 நானோமீட்டர் அகலம். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 272 நானோமீட்டர். எலக்ட்ரான்கள் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று என்ற வேகத்தில் பதிவாகின்றன. ஒரு எலக்ட்ரான் நொடிக்கு 14,500 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே அடுத்தது கிளம்பும்போது முந்தியது எப்போதோ திரையில் பட்டு முடிந்துவிட்டது. ஒன்றோடொன்று மோதித்தான் பட்டைகள் வருகின்றனவோ என்ற சந்தேகத்துக்கு இங்கே இடமே இல்லை.

திரையை 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்ததாகக் கணக்குப் போடுவோம். (சோதனையில் லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், நமக்கு அது வேண்டாம்.) பட்டை அகலம் என்பது அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, பிளவு இடைவெளியால் வகுப்பது. 46 மைக்ரோமீட்டர் வருகிறது. இதுதான் ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் உள்ள தூரம். பிளவு ஒவ்வொன்றும் ஒடுக்கமாக இருப்பதால், தனித்தனியாகவே அவை அலையை விரித்துவிடுகின்றன. இந்த விளிம்பு விளைவின் நடு முகடு எவ்வளவு அகலம்? அலைநீளத்தைப் பிளவின் அகலத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கினால் சுமார் 400 மைக்ரோமீட்டர். அந்த அகன்ற முகட்டுக்குள் ஒன்பது குறுக்கீட்டுப் பட்டைகள் அடங்கும்.

இப்போது எந்தப் பிளவு வழியாக எலக்ட்ரான் வந்தது என்ற தகவல் எங்கோ முழுமையாகப் பதிவாகிவிட்டது என்று வையுங்கள். குறுக்கீடு போய்விட்டது. மிஞ்சுவது இடப்பிளவின் விரிவும் வலப்பிளவின் விரிவும் சேர்ந்த கூட்டுத்தொகை. இரண்டும் 400 மைக்ரோமீட்டர் அகலக் குவியல்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கும்? பிளவுகள் எவ்வளவு விலகி இருந்தனவோ அவ்வளவுதான், 0.27 மைக்ரோமீட்டர். 400இல் 0.27 என்பதைக் கண்ணால் பிரிக்கவே முடியாது. ஆகவே திரையில் தெரிவது நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்கும் ஒரே அகன்ற குவியல். இரண்டு கோடுகள் எங்கிருந்தும் வராது.

இரண்டு கோடுகள் வேண்டுமென்றால் திரையைப் பிளவுக்கு 0.1 மில்லிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டவேண்டும். அங்கே விரிவுகள் இன்னும் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. ஆனால் அந்த இடத்தில் எந்தக் கருவியும் வைக்காவிட்டாலும் இரண்டு கோடுகள்தான் தெரியும். காணொளிகள் பக்கத்துத் திரையின் இந்தப் படத்தைத் தூரத்துத் திரைச் சோதனையோடு ஒட்டிவிட்டன.

இனி கண். பாடங்களில் வழக்கமாகச் சொல்வது, பிளவுக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து எலக்ட்ரான் மீது ஒளி பட்டுச் சிதறுவதைப் பார்ப்பது. சிந்தனைச் சோதனையாக அது மிக நல்லது. ஒளியின் அலைநீளம் பிளவு இடைவெளியைவிட மிக நீளமாக இருந்தால் எந்தப் பிளவு என்று பிரிக்க முடியாது, பட்டைகளும் தப்பிவிடும். ஆனால் செய்துபார்க்க முனைந்தால் என்ன ஆகும்? கட்டற்ற எலக்ட்ரான் ஒளியைச் சிதறடிக்கும் பரப்பு 6.65 × 10⁻²⁹ சதுர மீட்டர்தான். 600 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் ஒரு மைக்ரோமீட்டரை 7 × 10⁻¹⁴ நொடியில் கடந்துவிடும். அதற்குள் ஒரு ஃபோட்டானாவது நிச்சயமாகச் சிதறவேண்டும் என்றால், நம்மூர் உச்சி வெயிலைப்போல ஏறத்தாழ 10²⁰ மடங்கு செறிவான பச்சை ஒளி வேண்டும். அதனால் எலக்ட்ரானுக்கு ஆய்வகத்தில் வேறு வழி தேடினார்கள்.

அப்படித் தேடியதில் எனக்கு மிகப் பிடித்தது ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் சோனென்டாக், ஹாசல்பாக் இருவரும் செய்து 2007இல் வெளியிட்டது. இங்கே பிளவுகளுக்குப் பதில், மின்னழுத்தம் கொடுத்த மெல்லிய இழை ஒன்று கற்றையை இரண்டு வழிகளாகப் பிரித்து மறுபடி சேர்க்கிறது. கணிதம் அதேதான். 1.65 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானின் இரண்டு வழிகளும் ஒரே உயரத்தில், பக்கம்பக்கமாக, ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள சிலிக்கான் தகட்டின் மேலே ஒட்டினாற்போல் போகின்றன. எலக்ட்ரான் தகட்டைத் தொடுவதே இல்லை. ஆனால் மேலே மின்னூட்டம் ஓடினால் தகட்டுக்குள் எதிர் மின்னூட்டம் அதன் கீழேயே கூட ஓடும். சிலிக்கானுக்கு மின்தடை உண்டு, ஆகவே அந்த ஓட்டம் கொஞ்சம் வெப்பத்தை விட்டுச் செல்கிறது. இடவழி என்றால் இடப்பக்கத்து அணுக்கள் கலைகின்றன, வலவழி என்றால் வலப்பக்கத்து அணுக்கள். பதிவு முடிந்துவிட்டது.

ஈரம் காயாத ஆத்தங்குடிக் கல் தரையில் இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாக ஒருவர் வளவுக்குள் நடந்துபோனால், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் கால்தடம் இருக்கும். சிலிக்கான் தகட்டில் விழுந்ததும் அத்தகைய தடம்தான். அந்தத் தடத்தை யாரும் வாசிக்கவில்லை, வாசிக்கவும் முடியாது, தகட்டின் வெப்ப அதிர்வில் அது கரைந்துவிடுகிறது. ஆனாலும் பட்டைகள் மங்கின. கண்ணுக்கு இங்கே வேலையே இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

'மங்கின' என்று சொன்னதைக் கவனியுங்கள், சட்டென்று மறையவில்லை. எலக்ட்ரான் தகட்டுக்கு நெருங்கிப் பறக்கப் பறக்க, இரண்டு வழிகளுக்கு இடையே தூரம் கூடக் கூட, பட்டைத் தெளிவு படிப்படியாகக் குறைந்தது. தெளிவு என்பது அளக்கக்கூடிய எண்: பட்டையின் முகட்டில் விழும் எலக்ட்ரான் எண்ணிக்கையிலிருந்து பள்ளத்தில் விழும் எண்ணிக்கையைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது. அதை V என்போம். தகட்டில் விழும் இரண்டு தடங்களும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை D என்போம். இரண்டுக்கும் உள்ள கட்டுப்பாடு:

D² + V² ≤ 1

தடத்தை மிகச் சிறப்பாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் வழியைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு (1 + D)/2. ஒரு கணக்குப் போடுவோம். பத்தில் எட்டு முறை சரியாகச் சொல்லும் அளவுக்குத் தடம் இருந்தால் D = 0.6. அப்போது V அதிகபட்சம் 0.8 வரை இருக்கலாம். வழி பெரும்பாலும் தெரிந்தே விட்டது, பட்டைகளோ இன்னும் பளிச்சென்று நிற்கின்றன! நூற்றுக்கு 95 முறை சரியென்றால் D = 0.9, V = 0.44. நூற்றுக்கு 99 என்றாலும் V = 0.2 வரை மிஞ்சும். அலையா துகளா என்று விசையைத் தட்டினாற்போல மாறுவதாகச் சொல்லும் எந்த விளக்கத்தையும் இந்த எண்கள் அடித்துவிடுகின்றன.

ஆய்வக வேலையில் பெரிய தொல்லை இனிதான். பட்டைகள் மறைந்தால் வழி பதிவானது என்று அர்த்தமா? இல்லை. 600 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானை 0.1 மைக்ரோடெஸ்லா குறுக்குக் காந்தப்புலம் 25 சென்டிமீட்டர் தூரத்துக்குள் 38 மைக்ரோமீட்டர் ஒதுக்கிவிடும். நம் பட்டை இடைவெளியே 46தான். பூமியின் காந்தப்புலம் இதைப்போல சுமார் 400 மடங்கு, ஆனால் அது நிலையானது, படம் மொத்தமாக நகரும், பட்டை அழியாது. அழிப்பது கரண்ட் கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் புலம். நொடிக்கு ஐம்பது தடவை படம் இப்படியும் அப்படியும் ஆடும். நீங்கள் ஒரு மணி நேரம் எலக்ட்ரான்களைச் சேர்த்து முடிக்கும்போது திரையில் இருப்பது ஒரே அகன்ற குவியல், வழி பதிவானபோது வருவதைப்போலவே. மோட்டார், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அந்தப் புலம் 0.1 மைக்ரோடெஸ்லாவைத் தாராளமாகத் தாண்டும். அதனால்தான் கருவியைச் சுற்றி நிக்கல்-இரும்புக் கலவையான மியூ மெட்டல் கவசம் போடுகிறார்கள். பிளவின் விளிம்பில் மின்னூட்டம் தங்குவது, தரை அதிர்வு, மூலம் போதிய அளவு நுண்ணியதாக இல்லாதது எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

எப்படிப் பிரித்தறிவது? டூபிங்கன் சோதனையின் அழகு இங்கேதான். கற்றைக்கு உயரவாக்கிலும் கொஞ்சம் அகலம் உண்டு. ஆகவே ஒரே படத்தில், கீழ்ப்பகுதி தகட்டை ஒட்டி வந்த எலக்ட்ரான்கள், மேல்பகுதி தள்ளி வந்தவை. கீழே பட்டைகள் கரைந்துகொண்டே போக, மேலே தெளிவாக நிற்கின்றன. அதிர்வோ கம்பிப் புலமோ காரணமாக இருந்தால் மேலும் கீழும் சேர்ந்து கலங்கியிருக்கும்.

எண்ணிக்கையையும் பார்க்கவேண்டும். V மதிப்பின் பிழை தோராயமாக √(2/N), N என்பது சேர்ந்த எலக்ட்ரான்கள். 200 எலக்ட்ரானில் பிழை 0.1. அதைவைத்து 0.8க்கும் 0.7க்கும் வேறுபாடு சொல்ல முடியாது. 5,000 சேர்ந்தால் பிழை 0.02. நொடிக்கு ஒன்று என்றால் அதற்கு 1 மணி 23 நிமிடம், அவ்வளவு நேரமும் கருவி பட்டை இடைவெளியில் கால்பங்குகூட நகராமல் நிற்கவேண்டும்.

அடுத்த கண்காட்சிக்கு அட்டை எழுதும் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. கண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிலிக்கான் தகட்டை வரையுங்கள். 400 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு ஒரே குவியலை மூன்று தடவை வரையுங்கள். முதலாவதில் அடிவரை இறங்கும் ஒன்பது பட்டைகள், V = 1. இரண்டாவதிலும் அதே ஒன்பது, ஆனால் பள்ளங்கள் அடிவரை போகாமல், V = 0.8, பக்கத்தில் "வழி பத்தில் எட்டு முறை தெரியும்". மூன்றாவதில் பட்டையே இல்லாத வழவழப்பான குவியல், V = 0. மூன்றின் கீழேயும் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கட்டும்: பட்டைகள் போகும்போது எலக்ட்ரான் எதுவும் குறைவதில்லை, முகட்டில் குறைந்தவை பள்ளத்தில் வந்து விழுகின்றன.