இரண்டாவது டிஸ்கிலும் இல்லை, அண்ணாச்சி

"ஒரு டிஸ்கில்தானே தம்பி அழிந்தது? அடுத்த டிஸ்கில் இருக்குமல்லவா?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். இந்த முறை கேட்டவர் தக்கலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி. திங்கட்கிழமை காலை, கடை திறந்த சூட்டோடு. போனிலேயே "இருக்காது" என்று சொல்ல மனம் வரவில்லை. நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

நடந்தது இதுதான். ஸ்டூடியோவில் எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி ஒன்று உண்டு, நாஸ் என்பார்கள். அந்த நாஸ் பெட்டியில் 4 டிபி டிஸ்க் இரண்டு. ரெய்டு 1 அமைப்பு, அதாவது ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும். 8 டிபிக்குக் காசு கொடுத்து 4 டிபி மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஞாயிறு மதியம் இடம் நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்திருக்கிறது. வேலைக்கு நிற்கும் பையன் இடம் ஒழிக்க உட்கார்ந்தான். குளச்சல் கல்யாணத்துக்கு இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றில் மூலப் படங்களும் வீடியோவும், 214 ஜிபி. இன்னொன்றின் பெயரில் "பழையது" என்று சேர்த்திருந்தார்கள். இரண்டும் அடுத்தடுத்து நின்றன. பழையதைத் தேர்ந்தெடுக்கப்போய் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, டெலீட்டை அழுத்தினான். நிரந்தரமாக அழிக்கவா என்று விண்டோஸ் கேட்டது. ஆம் என்றான். நெட்வொர்க் வழியாகத் திறந்த ஃபோல்டரில் அழிப்பது அந்தக் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. நாஸ் பெட்டிக்கென்று தனியாக ஒரு ரீசைக்கிள் பின் உண்டு. அதை யாரும் இயக்கி வைக்கவில்லை.

அந்த நொடியில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 214 ஜிபியை எழுத மணிக்கணக்கானது. அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏனென்றால் அழிப்பது என்றால் படங்களைச் சுரண்டி எடுப்பதல்ல. "இந்தப் பெயரில் கோப்பு இல்லை, இந்த இடம் காலி" என்று கோப்பு முறைமையின் பதிவேட்டில் புதிதாக எழுதுவது. ஆம், எழுதுவது. ரெய்டு 1-இன் ஒரே வேலை, எழுத வரும் ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்கிலும் எழுதுவது. வந்தது படமா, "படம் இல்லை" என்ற குறிப்பா என்று அது பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, அதற்குத் தெரிவது வெறும் கட்ட எண்களும் பைட்டுகளும்தான். இரண்டு பச்சை விளக்குகளும் ஒன்றாகச் சிமிட்டின. இரண்டு டிஸ்கிலும் கல்யாணம் இல்லாமல் போனது.

ரசீது புத்தகத்தில் மேல்தாளைக் கிழித்துக் கொடுத்தாலும் கார்பன் பிரதி கட்டோடு இருக்கும். அண்ணாச்சி இரண்டாவது டிஸ்கை அப்படி நினைத்திருக்கிறார். அது கார்பன் அல்ல, கண்ணாடி. நெற்றிப் பொட்டை அழித்துவிட்டுக் கண்ணாடியில் தேடினால் கிடைக்குமா?

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அழிந்தது தெரியாமல் ஞாயிறு மாலை ஒரு நிச்சயதார்த்தத்தின் 60 ஜிபியை அதே பெட்டியில் ஏற்றினார்கள். "காலி" என்று குறித்த இடத்தில் புதிய படங்கள் போய் உட்கார்ந்தன. திங்கள் காலை விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி இரண்டாவது டிஸ்கை உருவி விண்டோஸ் கணினியில் மாட்டினார். நாஸ் பெட்டியின் கோப்பு முறைமை விண்டோஸுக்குப் புரியாது. ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம் என்றது. நல்லவேளை, ரத்து செய்துவிட்டார். வெளியே வந்த டிஸ்கை அப்படியே மேசையில் வைத்திருந்தாலாவது அதன்மேல் யாரும் மேற்கொண்டு எழுதியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பப் பெட்டிக்குள் செருகிவிட்டார். கடை வேலையும் அதே பெட்டியில் தொடர்ந்தது.

நான் பஸ்ஸில் இருக்கும்போது மறுபடியும் போன். "தம்பி, திரையில் ரெக்கவரி என்று ஓடுகிறது. திரும்ப வந்துவிடும் போலிருக்கிறது." அவர் குரலில் இருந்த அந்த நம்பிக்கையை என்ன செய்வது! போய்ப் பார்த்தேன்:

```
md0 : active raid1 sdb1[2] sda1[0]
      3906886464 blocks super 1.2 [2/1] [U_]
      [=>...................]  recovery = 8.4%
```

அந்த ரெக்கவரி படங்களை மீட்பதல்ல. `[U_]` என்றால் இரண்டில் ஒன்றுதான் சரியான நிலையில் இருக்கிறது என்று பொருள். முதல் டிஸ்கில் இருப்பதைக் கட்டம் கட்டமாக இரண்டாவதின்மேல் எழுதி இரண்டையும் சமமாக்கும் வேலை அது. 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஓடும். ஓடி முடிந்தால், கல்யாணம் இல்லாத டிஸ்குக்குக் கல்யாணம் இல்லாத துணை ஒன்று கச்சிதமாகக் கிடைக்கும். `[UU]` என்று காட்டி, எல்லாம் நலம் என்று சொல்லும்.

பெட்டியை அணைத்தேன். முதல் டிஸ்கை நான் கொண்டுபோன வேறொரு டிஸ்குக்கு முழுவதுமாகப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். அது பெயரைப் பார்க்காது, படத்தின் தொடக்க அடையாளத்தைப் பார்த்துத் தோண்டி எடுக்கும். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன, ஒன்றுக்கும் பழைய பெயர் இல்லை. வேறு கல்யாணங்களும் பாஸ்போர்ட் படங்களும் கலந்து கிடந்தன. வீடியோக்கள் பெரும்பாலும் திறக்கவில்லை. பெரிய கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் அந்த மென்பொருளால் சேர்க்க முடியாது. ஒரு படத்தைத் திறந்தேன். மேல்பாதியில் கோயில் பீடம், மெழுகுவர்த்திகள், மணப்பெண்ணின் நெற்றியும் கண்களும். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கழுத்தில் தாலி ஏறும் நேரத்துப் படம் அது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கேட்டேன், கேமரா கார்டுகள் எங்கே என்று. கல்யாணம் முடிந்த வாரமே ஃபார்மட் செய்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். ஏன்? "அதுதான் இரண்டு டிஸ்கில் இருக்கிறதே தம்பி. ஒன்று பேக்கப் என்று சொல்லித்தானே விற்றார்கள்."

என் கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான். பையன்மேல் இல்லை, கை தவறுவது மனித இயல்பு. ரெய்டின்மேலும் இல்லை. 1988-இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை எழுதியபோது கூடுதல் டிஸ்கைச் சேர்த்தது டிஸ்க் பழுதாவதைச் சமாளிக்கத்தான். ஒரு டிஸ்க் செத்தால் கடையை மூடாமல் வேலையைத் தொடரலாம். அதை அது ஒழுங்காகச் செய்கிறது. அதைப் பேக்கப் என்று சொல்லி விற்றவர்தான், கார்டுகளில் உண்மையாகவே இருந்த இரண்டாம் பிரதியை இவர் கையாலேயே அழிக்கவைத்தார். பேக்கப் என்றால் இன்று செய்த தவற்றுக்குப் பிறகும் நேற்று எங்கேயோ பத்திரமாக இருக்க வேண்டும். ரெய்டு 1-க்கு நேற்று என்பதே கிடையாது. இரண்டு மழைக்காலம் காணும் மாவட்டம் இது. இடி இறங்கினால் ஒரே பெட்டியில், ஒரே மின்கம்பியில் இருக்கும் இரண்டு டிஸ்கும் சேர்ந்தே போகும். அதையாவது சொல்லி விற்றார்களா?

மறுநாள் இரவு எட்டு மணி. அண்ணாச்சியின் மனைவி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பெட்டியில் மூன்றாவதாக ஒரு டிஸ்க் போட்டுவிடலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், கண் கலங்கியபடியே.

"வாங்குங்கள் அண்ணாச்சி. ஆனால் பெட்டிக்குள் போடாதீர்கள். சனிக்கிழமைதோறும் யுஎஸ்பியில் மாட்டி, புதிதாக வந்ததை மட்டும் ஏற்றுங்கள். இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கும்படி வைக்காதீர்கள். ஏற்றி முடித்ததும் கழற்றி வீட்டு பீரோவில் வையுங்கள். ஆல்பம் கைமாறும்வரை கார்டுகளையும் தொடாதீர்கள்."

"பீரோவிலா?" என்றார். அவர் மனைவி அதற்குள் எழுந்து, எந்தத் தட்டில் இடம் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.